முழங்காலை நெஞ்சுக்குக் கொண்டுவந்தால் தொடை இடுக்கில் பிடிக்கிறதா: ஓய்வு, பயிற்சி, ஊசி, ஆபரேஷன் நான்கில் எது?

என்னிடம் பிசியோவுக்கு வந்த ஒரு தம்பி, 27 வயது, வார நாட்களில் ஐடி வேலை, சனி ஞாயிறு டர்ஃபில் ஃபுட்பால், நடுவில் மூன்று நாள் ஜிம். வந்தவர் நாற்காலியின் விளிம்பில்தான் உட்கார்ந்தார், வலது காலை முன்னால் நீட்டி வைத்துக்கொண்டு. எங்கே வலிக்கிறது என்று கேட்டதும் விரலால் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டவில்லை. கட்டைவிரல் பின்பக்கம், மற்ற நான்கு விரலும் முன்பக்கத் தொடை இடுக்கில் என்று இடுப்பையே கவ்விப் பிடித்துக் காட்டினார். “உள்ளுக்குள்ள அண்ணா, கை வச்சு அமுக்கினா எட்டாது. சாக்ஸ் போட காலைத் தூக்கினா சுருக்குனு பிடிக்குது.” இப்படிக் கவ்விக் காட்டுகிறவர்களுக்கு வலி பெரும்பாலும் இடுப்பு மூட்டுக்குள்ளிருந்துதான் வருகிறது.

ஏழு மாத வலி. அதற்குள் நான்கு யோசனைகள் சேர்ந்திருந்தன. வீட்டில் ஓய்வு எடுக்கச் சொன்னார்கள். ஜிம் நண்பர் “தசை டைட்டா இருக்கு, நல்லா ஸ்ட்ரெட்ச் பண்ணு” என்றார். ஒரு எலும்பு டாக்டர் ஊசி போட்டுப் பார்க்கலாம் என்றார், இன்னொருவர் எம்ஆர்ஐயைப் பார்த்துவிட்டு இடுப்பு மூட்டின் விளிம்பு வளையமான லேப்ரம் கிழிந்திருக்கிறது, கீஹோல் ஆபரேஷன் செய்துவிடலாம் என்றார். நால்வரில் யாரும் முட்டாளில்லை. ஆனால் இவருக்கு, இப்போது, இதில் எது என்பது வேறு கேள்வி. நான் எப்படி யோசிக்கிறேன் என்பதைச் சொல்கிறேன், உங்களுக்கு உதவினால் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இது எதனால் வருகிறது என்பது தெரிய வேண்டும், இல்லாவிட்டால் ஒப்பிடுவதற்கு ஒன்றுமே இல்லை. இடுப்பு மூட்டு பள்ளிக்கூடத்தில் படித்த அதே பந்துக் கிண்ண மூட்டு. ஆட்டுக்கல்லையும் குழவியையும் நினைத்துக்கொள்ளுங்கள். குழவியின் கழுத்து ஒல்லியாக இருந்தால் எந்தப் பக்கம் சாய்த்தாலும் சுற்றும். கழுத்துப் பக்கம் தடித்து மேடாக இருந்தால் ஒரு அளவுக்கு மேல் சாய்க்கும்போது குழியின் விளிம்பில் போய் இடிக்கும். தொடை எலும்பின் பந்து முடிந்து கழுத்து தொடங்கும் இடத்தில் அப்படி ஒரு மேடு இருந்தால் அதற்குக் கேம் என்று பெயர். கிண்ணத்தின் விளிம்பு அளவுக்கு மீறி நீண்டு பந்தை மூடியிருந்தால் அது பின்சர். பலருக்கு இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். விளிம்பைச் சுற்றி ரப்பர் வாஷர் போல ஒரு வளையம் இருக்கிறது, அதுதான் லேப்ரம். முழங்கால் நெஞ்சுக்கு வரும்போது, அதிலும் உட்பக்கமாகத் திரும்பி வரும்போது, மேட்டுக்கும் விளிம்புக்கும் நடுவில் நசுங்குவது இந்த வளையமும் அதை ஒட்டிய குருத்தெலும்பும்தான். இதைத்தான் இடிப்பு என்கிறோம். இந்தக் கேம் மேடு பெரும்பாலும் வளரும் வயதில், எலும்பு இன்னும் முற்றாத காலத்தில், ஓடிக் குதித்து நிறைய விளையாடிய பிள்ளைகளிடம் அதிகம் காணப்படுகிறது. நம்ம தம்பி பத்து வயதிலிருந்து ஃபுட்பால்.

வீட்டிலேயே ஒன்றைச் செய்து பார்க்கலாம். மல்லாந்து படுத்து, வலிக்கிற காலின் முழங்காலை மடக்கி, முதலில் அதே பக்கத்து அக்குளை நோக்கிக் கொண்டு போங்கள். அப்புறம் எதிர்ப்பக்கத் தோளை நோக்கி. முதலாவதில் சும்மா இருந்து இரண்டாவதில் சுருக்கென்று தொடை இடுக்கில் பிடித்தால், கதை மேலே சொன்னதோடு பொருந்துகிறது. பிசியோவோ டாக்டரோ இதையே முழங்காலை 90 பாகைக்கு மடக்கி, உள்ளே தள்ளி, பாதத்தை வெளிப்பக்கம் திருப்பிச் செய்வார். இந்தச் சோதனையில் வலிக்காவிட்டால் இடிப்பு அநேகமாக இல்லை என்று சொல்லலாம், ஆனால் வலித்தால் இடிப்புதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. இடுப்பில் வேறு கோளாறு இருந்தாலும் இதே இடத்தில் வலிக்கும்.

அதனால்தான் தேர்வு செய்யும் முன்பு வேறு சிலவற்றைத் தள்ளிவிட வேண்டும். நெடுந்தூரம் ஓடுகிறவருக்கு, தூரத்தைத் திடீரென்று கூட்டிய பிறகு தொடை இடுக்கு வலி வந்து, ஒற்றைக் காலில் குதித்தால் தாங்க முடியவில்லை என்றால் அது தொடை எலும்புக் கழுத்தில் மயிரிழை முறிவாக இருக்கலாம். அந்தக் காலில் பாரம் போடுவதை அன்றே நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும், நாள் கடத்தினால் எலும்பு விலகிவிடக்கூடும். ஸ்டீராய்டு மாத்திரை நீண்ட நாள் எடுத்தவர்கள், அதிகம் குடிப்பவர்கள் விஷயத்தில் எலும்பின் தலைக்கு ரத்தம் போகாமல் அழுகும் கோளாறைச் சந்தேகிக்க வேண்டும், தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் தெரியாது, எம்ஆர்ஐ வேண்டும். காலையில் எழுந்ததும் அரை மணிக்கு மேல் விறைப்பு, நடமாடினால் குறைகிறது, ராத்திரி முதுகு வலியில் முழிப்பு வருகிறது என்றால் அது வாத நோய் டாக்டரின் கேஸ். காய்ச்சல், மாலையில் உடம்பு சுடுவது, எடை குறைவது இருந்தால் மூட்டு டிபி வரை யோசிக்க வேண்டும், நம் ஊரில் அதை மறந்துவிடக் கூடாது. விரையில் திடீர் வலி என்றால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு எமர்ஜென்சிக்குப் போங்கள். இருமினால் தொடை இடுக்கில் புடைப்பு தெரிகிறது என்றால் குடலிறக்கம்.

நம்ம ஆளுக்கு இதில் எதுவும் இல்லை. இரண்டு எக்ஸ்ரே எடுத்திருந்தார். நேராக எடுத்த இடுப்பு எக்ஸ்ரே ஒன்று, காலை 45 பாகை மடக்கி எடுத்தது ஒன்று. பலர் முதலாவதோடு நிறுத்திவிடுகிறார்கள், ஆனால் கேம் மேடு அநேகமாக முன்பக்கம் இருப்பதால் இரண்டாவதில்தான் நன்றாகத் தெரியும். மேடு எவ்வளவு என்பதை ஆல்ஃபா கோணம் என்று அளக்கிறார்கள். 60 பாகைக்கு மேல் இருந்தால் கேம் என்பது பொதுவாகப் புழங்கும் கணக்கு, இவருக்கு 68. மூட்டு இடைவெளி நன்றாக இருந்தது, தேய்மானம் இல்லை. எம்ஆர்ஐயில் லேப்ரத்தில் கிழிசல்.

அந்த ‘கிழிசல்’ என்ற சொல்லைப் படித்துத்தான் தம்பி தூக்கம் கெட்டுப் போயிருந்தார். இடுப்பு வலியே இல்லாத 45 பேரை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு இருக்கிறது, 2012இல் வந்தது. அதில் 69 சதவீதம் பேருக்கு லேப்ரம் கிழிசல் இருந்தது. கேம் மேடும் அப்படித்தான், விளையாட்டு வீரர்களில் ஏராளமான பேருக்கு வலியில்லாமல் கிடக்கிறது. ஆகவே 2016இல் பல நாட்டு நிபுணர்கள் இங்கிலாந்தில் வாரிக்கில் கூடி ஒன்றைத் தெளிவாக எழுதிவைத்தார்கள்: வலி, சோதிக்கும்போது தெரியும் அறிகுறி, எக்ஸ்ரேயில் எலும்பின் வடிவம், இந்த மூன்றும் சேர்ந்தால்தான் இந்த இடிப்பை நோய் என்று சொல்ல வேண்டும். வெறும் ஸ்கேனை வைத்துச் சொல்லக் கூடாது. இவருக்கு மூன்றும் இருந்தது. சரி, இப்போது என்ன செய்வது?

ஓய்வை முதலில் முடித்துவிடுகிறேன். ஓய்வெடுத்தால் வலி குறையும், அதில் சந்தேகமில்லை. இவரும் டிசம்பரில் ஐந்து வாரம் எதுவும் செய்யாமல் இருந்தார், வலி போனது, முதல் நாள் விளையாடியதும் பழையபடி வந்துவிட்டது. எலும்பு அதே வடிவம், நடுவில் பின்புறத் தசைகள் இன்னும் பலமிழந்துவிட்டன, அவ்வளவுதான் நடந்தது. வலி மாத்திரையும் இதே கணக்கில்தான் வரும், கடுமையான ஒரு வாரத்தைத் தாண்ட உதவும், அதற்கு மேல் இல்லை.

ஸ்ட்ரெட்ச் பற்றித்தான் கொஞ்சம் கோபமாகவே எழுத வேண்டியிருக்கிறது. மூட்டு ஒரு அளவுக்கு மேல் மடங்கவில்லை என்றால் எல்லோரும் தசை இறுக்கம் என்று நினைக்கிறார்கள், அது நியாயமான யூகம்தான். ஆனால் இங்கே தடுப்பது தசையல்ல, எலும்பு. கதவு நிலையில் இடிக்கும்போது கீலுக்கு எண்ணெய் விட்டு என்ன பயன்? தம்பி தினமும் காலையில் இருபது தடவை முழங்காலை நெஞ்சோடு இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார், பவனமுக்தாசனம், யோகா வகுப்பில் கற்றது. அப்புறம் புறா ஆசனம், ஒரு காலை முன்னால் வைத்து ஆழமாக மடங்கும் லஞ்ச். ஒவ்வொன்றும் அந்த வளையத்தை மேட்டுக்கும் விளிம்புக்கும் நடுவே வைத்து நசுக்குகிற வேலை. ஸ்ட்ரெட்ச் முடித்ததும் பத்து நிமிடம் லேசாக இருப்பதுபோலத் தோன்றும், மாலையில் இரட்டிப்பாகும். வேறு எதையும் மாற்றாமல் இவற்றை மட்டும் நிறுத்தச் சொன்னேன், பத்து நாளில் சாக்ஸ் போடும்போது வலி பத்துக்கு ஏழிலிருந்து ஐந்துக்கு வந்தது. அந்தப் பத்து நாளில் எந்தப் பயிற்சியும் தொடங்கவில்லை.

இனி பயிற்சி. எலும்பு மாறாதபோது பயிற்சி எதைச் சரிசெய்யும் என்று கேட்பார்கள், சரியான கேள்வி. இடுப்பெலும்பு முன்னால் சாய்ந்திருந்தால், அதாவது கீழ்முதுகு வளைந்து பின்புறம் தூக்கியிருந்தால், கிண்ணத்தின் முன்விளிம்பும் கூடவே கீழே இறங்கி நிற்கும். தொடை கொஞ்சம் மடங்கியதும் இடிக்கும். வயிற்றையும் பின்புறத் தசைகளையும் பயன்படுத்தி இடுப்பெலும்பைப் பின்னால் சாய்க்கப் பழகினால், அதே மேடு, அதே கிண்ணம், ஆனால் இடிக்கும் இடம் சில பாகை தள்ளிப்போகிறது. உங்கள் வேலைக்கு அந்தச் சில பாகை போதுமா, போதாதா என்பதுதான் பயிற்சி பலிக்குமா என்பதை முடிவுசெய்கிறது. இன்னொன்று, ஒற்றைக் காலில் பாரம் வரும்போது முழங்கால் உள்ளே விழாமல் பிடித்துவைக்க வேண்டும், அதைச் செய்வது இடுப்பின் பக்கவாட்டுத் தசைகள். உள்ளே விழுந்தால் அது மேலே சொன்ன எதிர்ப்பக்கத் தோள் சோதனையை ஒவ்வோர் அடியிலும் செய்வதற்குச் சமம்.

இவருக்குப் போட்ட திட்டம் 12 வாரம். முதல் மூன்று வாரம் நசுக்கும் வேலைகளை எடுத்துவிடுவது. சோஃபா வேண்டாம், அலுவலக நாற்காலியை உயர்த்தி முழங்காலைவிட இடுப்பு மேலே இருக்கும்படி உட்காருவது. தரையில் உட்கார்ந்து சாப்பிடுவது இவருக்குப் பிரச்சினையாகவே இல்லை, சம்மணம் போடும்போது தொடை வெளிப்பக்கம் திரும்புவதால் பலருக்கு அது சும்மா இருக்கும். இந்தியன் டாய்லெட்தான் வலித்தது, அதை நிறுத்தினோம். பைக்கில் ஏறும்போது காலை முன்னால் மடக்கித் தூக்காமல் பின்னால் வீசி ஏறுவது. பயிற்சியாக மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது, பக்கவாட்டுப் பிளாங்க், முழங்கால்களுக்கு நடுவே பந்தை வைத்து அமுக்குவது. பார்த்தால் சுவாரஸ்யமில்லாத பயிற்சிகள். தம்பியே கேட்டார், “இதுக்கா அண்ணா இவ்ளோ தூரம் வந்தேன்?”

நான்காவது வாரத்திலிருந்து பாரம். ஸ்குவாட்டை விட்டுவிடச் சொல்லவில்லை, பின்னால் ஒரு ஸ்டூலை வைத்து அதைத் தொட்டு எழுந்தால் போதும் என்றேன், தொடை தரைக்கு இணையாக வரும் முன்பே ஸ்டூல் வந்துவிடும். கால்களைக் கொஞ்சம் அகட்டி, பாத நுனியை வெளிப்பக்கம் திருப்பினால் இன்னும் இடம் கிடைக்கும். பார்பெல்லைப் பிடித்து இடுப்பிலிருந்து குனிந்து நிமிர்வது, படி ஏறி இறங்குவது, ஒற்றைக் காலில் இவையெல்லாம். அளவு தெரிந்துகொள்ள ஒரு விதி: செய்யும்போது வலி பத்துக்கு மூன்றுக்குள் இருக்கலாம், மறுநாள் காலை எழும்போது முந்தைய நாள் காலையைவிட அதிகமாக இருக்கக் கூடாது. அதிகமாக இருந்தால் முந்தைய நாளின் எடையைப் பாதியாக்கு, பயிற்சியை நிறுத்தாதே. ஆறாவது வாரம் இவர் இந்த விதியை மீறினார், நண்பர்களோடு பழைய எடையில் ஆழமாக ஸ்குவாட் போட்டார். மூன்று நாள் நொண்டினார். ஒருவகையில் அது நல்லதுதான், எந்த ஆழத்தில் இடிக்கிறது என்பது அவருக்கே கையளவில் தெரிந்துவிட்டது. ஒன்பதாவது வாரத்திலிருந்து ஓட்டம், பக்கவாட்டில் நகர்வது, திரும்பி ஓடுவது, கடைசியில் பந்து.

இந்தப் பாதை எங்கே தவறும் என்றால், பெரும்பாலும் பயிற்சி என்ற பெயரில் வேறு ஏதோ நடப்பதால்தான். “பிசியோ பண்ணினேன், சரியாகல” என்று வருகிறவர்களிடம் என்ன செய்தீர்கள் என்று கேட்பேன். பத்து நாள் கரண்ட் வைத்தார்கள், ஒத்தடம் கொடுத்தார்கள், காலை இழுத்துவிட்டார்கள் என்பார்கள். அதைச் செய்து பார்த்துத் தோற்றது என்று கணக்கில் எடுக்கவே கூடாது. எடை ஏற்றி, வாரம் வாரம் கூட்டி, குறைந்தது மூன்று மாதம் போயிருந்தால்தான் பயிற்சி தோற்றது என்று சொல்ல உரிமை உண்டு.

ஊசி விஷயத்தில் என் கருத்து பலருக்கு விசித்திரமாகப் படலாம். மருந்தாக அதை எனக்கு அவ்வளவு பிடிக்காது, சோதனையாக மிகவும் பிடிக்கும். அல்ட்ராசவுண்டிலோ எக்ஸ்ரே திரையிலோ பார்த்தபடி மூட்டுக்குள் மரத்துப்போகும் மருந்தைச் செலுத்துகிறார்கள், கூடவே ஸ்டீராய்டும் சேர்ப்பதுண்டு. மரப்பு மருந்து சில மணி நேரம் வேலை செய்யும். அந்தச் சில மணி நேரம்தான் முக்கியம், ஆனால் எல்லோரும் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுகிறார்கள். படுக்காதீர்கள். போடும் முன்பு முழங்காலை நெஞ்சுக்குக் கொண்டுவந்து வலிக்கு ஒரு எண் கொடுங்கள், குந்தி ஒரு எண், படி ஏறி ஒரு எண். போட்ட அரை மணி, ஒரு மணி, மூன்று மணியில் அதே மூன்றையும் மெதுவாகச் செய்து தாளில் எழுதுங்கள். எட்டு இரண்டானால் வலி மூட்டுக்குள்ளிருந்து வருகிறது. எட்டு ஏழாகவே நின்றால் உள்ளே மேட்டைச் செதுக்கி என்ன பயன், வலி வேறெங்கிருந்தோ வருகிறது என்று அர்த்தம், ஆபரேஷன் மேஜைக்குப் போகும் முன்பு இது தெரிந்தால் எவ்வளவு நல்லது. ஸ்டீராய்டு தரும் நிம்மதி சில வாரங்களுக்கு இருக்கலாம், அதைப் பயிற்சி தொடங்கும் ஜன்னலாகப் பயன்படுத்தினால் சரி, திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டே விளையாடுவதற்கு இல்லை. ஊசி போட்டு உடனே ஆபரேஷன் செய்தால் தொற்று அபாயம் கூடுகிறது, சுமார் மூன்று மாதமாவது இடைவெளி விடுவது வழக்கம், டாக்டரிடம் ஊசி போட்ட தேதியைச் சொல்லிவிடுங்கள்.

ஆபரேஷன் என்றால் இப்போது பெரும்பாலும் ஆர்த்ராஸ்கோபி. முழு மயக்கம் கொடுத்து, காலை மேஜையில் பூட்டி இழுத்து, பந்தைக் கிண்ணத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு விலக்கி, இரண்டு மூன்று சின்னத் துளைகள் வழியாக கேமராவும் கருவியும் போகும். கிழிந்த லேப்ரத்தை ஆங்கர் எனும் சின்ன முளைகளை விளிம்பு எலும்பில் அடித்துத் தைப்பார்கள், அப்புறம் இழுப்பைத் தளர்த்தி கேம் மேட்டைச் சுழலும் கருவியால் செதுக்குவார்கள். செதுக்குவதில்தான் கைவண்ணம். குறைவாகச் செதுக்கினால் இடிப்பு அப்படியே இருக்கும், இரண்டாவது தடவை ஆபரேஷனுக்கு வருபவர்களிடம் அடிக்கடி காணப்படும் காரணம் இதுதான். அதிகமாகச் செதுக்கினால் கழுத்து பலவீனமாகி முறியலாம்.

துளை சின்னது என்பதால் ஆறுவதும் சீக்கிரம் என்று நினைக்காதீர்கள். இரண்டு முதல் நான்கு வாரம் ஊன்றுகோல், விளையாட்டுக்குத் திரும்ப நான்கு முதல் ஆறு மாதம், சிலருக்கு அதற்கும் மேல். அதற்குள் செய்வது என்ன தெரியுமா, மேலே சொன்ன அதே சுவாரஸ்யமில்லாத பயிற்சிகள். காலை இழுத்து வைப்பதால் பிறப்புறுப்புப் பக்கம் மரத்துப்போவது, துளை போடும் இடத்துக்கு அருகே ஓடும் நரம்பால் தொடையின் வெளிப்பக்கம் மரத்துப்போவது இரண்டும் வருவதுண்டு, பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகும், ஆனால் முன்கூட்டிச் சொல்லாவிட்டால் இளைஞர்கள் மிரண்டுபோகிறார்கள்.

இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த பெரிய ஆய்வு இங்கிலாந்தில் நடந்தது, 2018இல் லான்செட்டில் வந்தது. 23 மருத்துவமனை, 348 பேர், பாதிப் பேருக்கு ஆர்த்ராஸ்கோபி, மீதிப் பேருக்கு முறையாக வடிவமைத்த பிசியோ. இடுப்பு எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று நூற்றுக்கு மதிப்பெண் போட்டார்கள். ஓராண்டு கழித்து ஆபரேஷன் பக்கம் சுமார் 39இலிருந்து 59க்கு வந்தது, பிசியோ பக்கம் 36இலிருந்து 50க்கு. ஆபரேஷன் ஜெயித்தது. தொடக்க வித்தியாசத்தையும் கணக்கில் எடுத்துப் பார்த்தால் சுமார் 7 மதிப்பெண், நோயாளியால் உணர முடிகிற அளவுக்குக் கொஞ்சம் மேல். அடுத்த ஆண்டு வந்த இன்னோர் ஆய்வும் ஆபரேஷன் பக்கமே சாய்ந்தது. ஆபரேஷனை ஒதுக்கிப் பேசும் என் சக பிசியோக்கள் இதை மறைக்கக் கூடாது. அதே நேரம் அந்த 59ஐயும் பாருங்கள், நூற்றுக்கு 59. புது இடுப்போடு யாரும் எழுந்து வரவில்லை.

2021இல் வந்த ஓர் ஆய்வு இன்னும் யோசிக்க வைக்கிறது. அதில் எல்லோருக்குமே ஆர்த்ராஸ்கோபி, சிலருக்கு எலும்பைச் செதுக்கினார்கள், மற்றவர்களுக்கு மூட்டைக் கழுவிவிட்டார்கள், தேவைப்பட்டால் லேப்ரத்தைத் தைத்தார்கள். ஓராண்டில் வலி இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்று. ஆனால் செதுக்கியவர்களில் மறு ஆபரேஷன் தேவைப்பட்டவர்கள் குறைவு. என்னைக் கேட்டால், ஆபரேஷன் செய்வதானால் முறையாகச் செதுக்கிவிட வேண்டும், ஆனால் கிடைக்கும் நிம்மதி முழுவதும் செதுக்கியதால் வந்தது என்று நினைக்கத் தேவையில்லை.

“இப்ப பண்ணலன்னா நாப்பது வயசுல மூட்டு மாத்தணும்னு சொன்னாங்க” என்றும் தம்பி கேட்டார். பெரிய கேம் மேடு உள்ளவர்களுக்குப் பிற்காலத்தில் தேய்மானம் வரும் வாய்ப்பு கூடுதல் என்பது உண்மை. மேடு உள்ள பெரும்பாலானோருக்கு அப்படி வருவதில்லை என்பதும் உண்மை. செதுக்கிவிட்டால் தேய்மானம் வராது என்று இதுவரை நிரூபணம் ஆகவில்லை. எனவே இன்றைய வலிக்காக ஆபரேஷன் செய்துகொள்ளலாம், நாற்பதாவது வயதைக் காட்டிப் பயமுறுத்தினால் செய்துகொள்ள வேண்டாம்.

யாரை நான் பன்னிரண்டு வாரம் காத்திருக்க வைக்காமல் சர்ஜனிடம் அனுப்புவேன்? மூட்டு உண்மையிலேயே பூட்டிக்கொண்டு, கையால் ஆட்டி விடுவித்தால்தான் நடக்க முடிகிறது என்கிறவரை. ஒரு கபடிப் பையன் அப்படி வந்தான், பாடிப்போகும்போது குனிந்தவன் நிமிர முடியாமல் நின்றுவிடுவானாம். குனியாமல் கபடி ஏது, அவனுக்கு நான் சொல்லும் சில பாகையெல்லாம் போதவே போதாது. ஆறு வாரத்திலேயே அது புரிந்தது, அனுப்பிவைத்தேன், ஆபரேஷன் செய்துகொண்டான், எட்டாவது மாதம் களத்தில் இருந்தான். மாறாக, மூட்டு இடைவெளி இரண்டு மில்லிமீட்டருக்கும் கீழே தேய்ந்திருந்தால் ஆர்த்ராஸ்கோபி அநேகமாக ஏமாற்றும். கிண்ணம் ஆழமில்லாமல் இருந்தாலும் வெறும் ஆர்த்ராஸ்கோபி ஆபத்து, ஏற்கெனவே ஆடும் மூட்டு இன்னும் ஆடும். எக்ஸ்ரேயில் இந்த இரண்டையும் அளந்தீர்களா என்று சர்ஜனிடம் கேளுங்கள். வருடத்துக்கு எத்தனை இடுப்பு ஆர்த்ராஸ்கோபி செய்கிறீர்கள் என்றும் கேளுங்கள், முழங்கால் கணக்கைச் சேர்த்துச் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எத்தனை ஆங்கர், பில்லில் அது தனியாக வருமா, இன்சூரன்ஸ் ஏற்குமா என்பதையும் முன்பே கேட்டுவிடுங்கள்.

நம்ம தம்பியின் 12ஆவது வாரக் கணக்கு இது. மடக்கிய நிலையில் தொடையை உட்பக்கம் திருப்பினால் முதலில் 15 பாகை, இப்போது 18. அதாவது ஒன்றும் மாறவில்லை, எலும்பு அப்படியே இருக்கிறது, எதிர்ப்பக்கத் தோள் சோதனையில் இன்னும் பிடிக்கிறது. ஆனால் சாக்ஸ் வலி ஏழிலிருந்து இரண்டு, இரண்டு மணி நேர மீட்டிங்கில் உட்கார முடிகிறது, ஒரு முழு ஆட்டம் விளையாடிவிட்டு மறுநாள் நொண்டாமல் ஆபீஸ் போகிறார். சோதனை பாசிட்டிவாக இருக்கிறதே என்று ஆபரேஷனுக்குப் போவதா, வாழ்க்கை ஓடுகிறதே என்று விடுவதா என்று இரண்டு வாரம் யோசித்தார். நான் ஒன்றுதான் கேட்டேன், “இப்ப இருக்கிற மாதிரியே அஞ்சு வருஷம் இருந்தா உனக்கு ஓகேவா?” ஃபுட்பால் இருந்தால் ஓகே என்றார். சர்ஜன் தேதி கேட்டிருந்தார், இப்போதைக்கு வேண்டாம், ஆறு மாதம் கழித்து வந்து காட்டுகிறேன் என்று தம்பி சொல்லிவிட்டார்.

யோகா வகுப்புக்கு இப்போதும் போகிறார். பவனமுக்தாசனம் வரும்போது மட்டும் முழங்காலை நேராக இழுக்காமல் வலது அக்குளுக்குக் கொஞ்சம் வெளியே கொண்டுபோய், பிடிக்கும் முன்பே நிறுத்திவிடுகிறாராம். டீச்சர் தினமும் வந்து காலைப் பிடித்து நேராக்கப் பார்க்கிறார், இவர் தினமும் “வேண்டாம் மேடம்” என்கிறார்.